300 கிராம் மாங்காய் ஊறுகாய்: பாட்டிலுக்கு அடக்கம் எவ்வளவு, என்ன விலை வைக்கலாம்?

செங்கமலம்

வணக்கம். வீட்டில் போடும் வெட்டு மாங்காய் ஊறுகாயை இந்தப் பருவத்தில் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கியிருக்கிறேன். பக்கத்து மளிகைக் கடைக்காரர் ஒருவர் வாங்கி வைக்கச் சம்மதித்திருக்கிறார். பாட்டில் மேல் 120 ரூபாய் போடுங்கள், அதில் 30 சதவீதம் எனக்கு என்கிறார். என் கணக்கைப் போடுகிறேன், சரிபார்த்துச் சொல்லுங்கள்.

10 கிலோ மாங்காய் 400 ரூபாய். கல் உப்பு 1 கிலோ 25. மிளகாய்த்தூள் 800 கிராம், அரைவைக் கூலியுடன் 280. கடுகு 250 கிராம் 30. வெந்தயம் 100 கிராம் 12. மஞ்சள்தூள் 80 கிராம் 20. பெருங்காயம் 20 கிராம் 30. செக்கு நல்லெண்ணெய் 2 லிட்டர் 760. ஆக 1,557 ரூபாய்.

இதில் 300 கிராம் பாட்டில் 33 வந்தது. பாட்டிலுக்குச் சரக்கு 47 ரூபாய். கண்ணாடிப் பாட்டில் மூடியோடு 18, லேபிள் 3. மொத்தம் 68. கடைக்காரர் கமிஷன் போக 84 ரூபாய் கைக்கு வரும். பாட்டிலுக்கு 16 ரூபாய் நிற்கிறது. இது போதுமா, இன்னும் ஏற்றலாமா?

கூடைக்காரர்

அம்மா, இதற்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். உணவுப் பொருளுக்கு ஒரே சூத்திரம்தான்: சரக்கின் விலையை மூன்றால் பெருக்குங்கள். ஒரு பங்கு சரக்கு, ஒரு பங்கு செலவு, ஒரு பங்கு லாபம். 47-ஐ மூன்றால் பெருக்கினால் 141. 140 என்று போட்டுவிடுங்கள். நான் முறுக்கு, அதிரசம் எல்லாம் இப்படித்தான் விற்கிறேன்.

இன்னொன்று. நீங்கள் கொடுத்த பொருட்களைக் கூட்டிப் பார்த்தேன். 10 கிலோ மாங்காயில் கொட்டை போக 7 கிலோ துண்டு என்று வைத்தாலும், உப்பு, தூள், எண்ணெய் எல்லாம் சேர்த்தால் 11 கிலோவுக்கு மேல் வர வேண்டும். 36 பாட்டில் வந்திருக்க வேண்டுமே, 33 எப்படி ஆனது? பாட்டிலில் அள்ளிப் போடுகிறீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

மாவடுப் பிரியை

என் சந்தேகத்தையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். நான் மாவடு போடுகிறேன், எண்ணெய் பெயருக்குத்தான், மற்றபடி உப்புத் தண்ணீர்தான். பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. 300 கிராம் என்று போட்டால் தண்ணீரையும் சேர்த்தா, வடுவை மட்டுமா? வடு விலை உங்கள் மாங்காய் போல இல்லை, கிலோ 150-க்குக் குறைந்து கிடைப்பதில்லை. பாட்டிலில் பாதி தண்ணீர் என்றால் அடக்கம் குறையும் அல்லவா?

பழங்கணக்கு

செங்கமலம், 16 ரூபாய் நிற்கவில்லை. நிற்பதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஊறுகாய்ப் பட்டறை ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் உங்கள் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு, விட்டதை மட்டும் சேர்த்துக் காட்டுகிறேன்.

முதலில் எண்ணிக்கை. கூடைக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. பொருட்களின் எடையைக் கூட்டினால் 11 கிலோ வருவது உண்மை. எண்ணெய் லிட்டருக்கு ஒரு கிலோ நிற்காது, 920 கிராம்தான் இருக்கும். அப்படிக் கணக்கிட்டாலும் 11 கிலோதான். ஆனால் உப்பில் ஊறிய துண்டுகளை அரை நாள் வெயிலில் காட்டினால் முக்கால் கிலோ, ஒரு கிலோ தண்ணீர் போய்விடும். அண்டா, கரண்டி, புனல் என்று ஒட்டிக்கொண்டு போவது இருநூறு கிராம். ஆகவே 10 கிலோ சரக்கு என்பது சரியான விளைச்சல். பாட்டிலுக்கு ஒரு சில கிராம் தாராளமாகப் போட்டால் 33 பாட்டில். அதில் தவறே இல்லை. துண்டை வெயிலில் காட்டாமல் போட்டால் 36 வரும்தான், ஆனால் அந்தத் தண்ணீர் இரண்டு மாதத்தில் பாட்டிலின் மேற்பரப்பில் வெள்ளைப் படலமாகத் திரும்பி வரும்.

ஆனால் 33-உம் விற்கும் பாட்டில் அல்ல. ஒவ்வொரு முறை போடும்போதும் ஒரு பாட்டிலைத் தேதி எழுதி அலமாரியில் வைத்துக்கொள்ள வேண்டும். நாளை யாராவது கெட்டுப்போயிற்று என்று சொன்னால், அதே நாளில் போட்டது உங்களிடம் எப்படி இருக்கிறது என்று திறந்து பார்க்க அதுதான் சாட்சி. இன்னொரு பாட்டில் கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் சுவை காட்டப் போய்விடும். காசு தரும் பாட்டில் 31. எல்லாச் செலவையும் 31-ஆல்தான் வகுக்க வேண்டும்.

இனி மொத்தச் செலவு:

சரக்கு 1,557.

பாட்டில்: 18 ரூபாய் என்பது ஜிஎஸ்டிக்கு முந்தைய விலை என்று நினைக்கிறேன். 18 சதவீதம் சேர்த்தால் 21-க்கு மேல். ஏற்றுகூலியோடு 23 வைத்துக்கொள்ளுங்கள். 33 பாட்டிலும், உடைந்தது ஒன்றும் சேர்த்து 34. அது 782. நீங்கள் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாதவர் என்றால் அந்த வரியைத் திரும்பப் பெற வழியில்லை. அது உங்கள் செலவுதான்.

லேபிள், கிழிந்தது கோணியது உட்பட 140. மூடிமேல் சுருங்கு உறை 33. அடுப்பு, மின்சாரம், பாட்டில் கொதிக்கவைத்தது, துணி, சோப்பு 120.

உழைப்பு: கழுவித் துடைத்து வெட்ட 4 மணி நேரம். உப்புப் போட்டுக் கிளறி, வெயிலில் காட்டி எடுக்க 1. வறுத்து அரைக்க 2. எண்ணெய் காய்ச்சி ஆறவைத்துக் கலக்க 1½. பாட்டில் கழுவிக் காயவைக்க 2. அடைத்து, துடைத்து, மூடி, லேபிள் ஒட்ட 3½. மொத்தம் 14 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் என்று குறைவாகவே வைக்கிறேன்: 840.

கூட்டினால் 3,472. 31-ஆல் வகுத்தால் ஒரு பாட்டில் 112 ரூபாய்.

கடைக்காரர் தருவது 84. பாட்டிலுக்கு 28 ரூபாய் குறைகிறது. உழைப்பின் பங்கு 27 ரூபாய். அதாவது நீங்கள் 14 மணி நேரம் சும்மா உழைத்துக் கொடுத்துவிட்டு, பாட்டிலுக்கு மேற்கொண்டு ஒரு ரூபாயும் கைவிட்டுக் கொடுக்கிறீர்கள்.

செங்கமலம்

ஐயா, மலைப்பாக இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒன்று, வெட்டுவதற்கு எனக்கு 4 மணி நேரம் ஆவதில்லை. சந்தையில் அரிவாள்மணை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் கிலோவுக்குப் 10 ரூபாய் கொடுத்து வெட்டி வாங்கலாம். இரண்டு, என் உழைப்புக்குக் கூலி எழுதினால்தான் கணக்கா? வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிற நேரத்தில் செய்வதுதானே இது.

எதிர்வெயில்

செங்கமலம் அக்கா சொல்வதுதான் நடைமுறை. பெரிய கம்பெனி ஊறுகாய் அதே 300 கிராம் நூறு நூற்றிருபதுக்குக் கடையில் கிடைக்கிறது. இங்கே அடக்கமே 112 என்றால் கடையில் என்ன விலைக்கு வைப்பது, யார் வாங்குவது? கணக்கு காகிதத்தில் அழகாக இருக்கும், பாட்டில் அலமாரியில் தூசி படிந்திருக்கும்.

பழங்கணக்கு

வெட்டுக்கூலியைப் பார்ப்போம். 10 கிலோவுக்கு 100 ரூபாய் கொடுக்கிறீர்கள், 3 மணி நேரம் மிச்சம், அதாவது 180. நிகரமாக 80 ரூபாய். பாட்டிலுக்கு 2 ரூபாய் 60 காசு குறையும். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சந்தை மணையும் அவர் கையும் ஈரமாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு துண்டையும் துணியில் ஒற்றி எடுத்தீர்களானால் மிச்சப்பட்ட நேரத்தில் பாதி அதற்கே போய்விடும். ஒற்றாமல் போட்டால் பூஞ்சணம்.

உழைப்புக் கூலி உங்கள் விருப்பம். எடுத்துக்கொள்ளாமல் இருக்கலாம், எழுதாமல் இருக்கக்கூடாது என்பது என் கருத்து. ஆர்டர் கூடி அடுத்த முறை 30 கிலோ போட வேண்டி வந்தால் தனியாக முடியாது, ஒரு அம்மாவைக் கூலிக்கு வைப்பீர்கள். அன்றைக்கு அந்தக் கூலியை எந்த விலையிலிருந்து கொடுப்பீர்கள்? அச்சடித்த விலையை ஒரே மாதத்தில் ஏற்ற முடியாது, கடைக்காரர் சண்டைக்கு வருவார்.

கூடைக்காரரின் மூன்று மடங்குக்கு வருகிறேன். முறுக்குக்கு அது பொருந்தும், ஏனென்றால் அங்கே உறை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். ஊறுகாயில் பாட்டிலின் விலை சரக்கின் விலையில் பாதி. அது எடைக்குத் தக்கபடி குறையாது. இதே ஊறுகாயை 100 கிராம் பாட்டிலில் போடுங்கள்: சரக்கு 15 ரூபாய் 60 காசு. சின்னப் பாட்டில் எல்லாம் சேர்த்து 14. லேபிளும் உறையும் 4½. ஊறுகாய் போடும் உழைப்பின் பங்கு 5. அந்தப் பாட்டிலைக் கழுவி, அடைத்து, துடைத்து, ஒட்டும் வேலை பெரிய பாட்டிலுக்கு ஆவதைவிடச் சற்றே குறைவு, 8 ரூபாய். அடுப்புச் செலவு 1½. கூட்டினால் 49 ரூபாய் அடக்கம். மூன்று மடங்குச் சூத்திரப்படி விற்பனை விலை 47! விற்க விற்க நஷ்டம். 300 கிராமுக்கு வரும் 141-லும் கடைக்காரருக்கு 30 சதவீதம் போனால் 99-தான் மிஞ்சும். அதுவும் அடக்கத்துக்குக் கீழே. நேரடியாக வீட்டு வாசலில் விற்றால் மட்டும் அந்தச் சூத்திரம் தப்பிக்கும்.

இதே கணக்கை 500 கிராமுக்குப் போட்டால் சுமார் 165 ரூபாய் வரும். 300 கிராமின் அடக்கத்தை அப்படியே விரித்தால் 187 வர வேண்டும். பெரிய பாட்டிலில் மிச்சமாகும் 22 ரூபாயும் கண்ணாடியிலும் கைவேலையிலும் குறைவதுதான், மாங்காயில் அல்ல.

கூடைக்காரர்

சரி, 100 கிராம் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைக்குத் தர வேண்டுமென்றால் சுலபம்தானே. 112 அடக்கம், லாபமும் அலைச்சலும் சேர்த்து 130 என்று வையுங்கள். அதன்மேல் கடைக்காரரின் 30 சதவீதத்தைக் கூட்டினால் 169. 170 என்று அச்சடியுங்கள், எல்லாம் முடிந்தது.

மளிகைமகன்

இல்லை ஐயா, அங்கேதான் பலர் விழுகிறார்கள். அப்பாவின் கடையில் கல்லாவில் உட்காருபவன் என்பதால் சொல்கிறேன். எங்கள் 30 சதவீதம் பாட்டில்மேல் அச்சடித்த விலையில் எடுப்பது, உங்கள் விலைமேல் வைப்பதல்ல. 170-ல் 30 சதவீதம் 51. உங்களுக்கு 119 வரும், 130 வராது. 130 கைக்கு வர வேண்டுமானால் 130-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும். 185 ரூபாய் 70 காசு. 190 போட்டால் 133 கிடைக்கும்.

30 சதவீதம் அதிகம் என்று தோன்றலாம். வேகமாகப் போகும் சரக்குக்கு நாங்கள் இதில் பாதிகூட எடுப்பதில்லை. வீட்டு ஊறுகாய் வாரத்துக்கு இரண்டு பாட்டில் போனால் பெரிது. அந்த இடத்தில் வேறு பொருள் வைத்தால் தினமும் சுழலும். போதாததற்கு எண்ணெய் கசிந்து பக்கத்துப் பொருளும் பாழாகும். எனவே கமிஷனைவிட மற்ற பேச்சை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்: காசு கைமேலா, விற்ற பிறகா? விற்காததைத் திருப்பித் தந்தால் யார் தலையில்? விற்ற பிறகுதான் காசு என்றால் உங்கள் 3,472 ரூபாய் இரண்டு மாதம் எங்கள் அலமாரியில் தூங்கும். கைமேல் காசு கொடுக்கிற கடைக்காரரிடம் 30 கொடுப்பதும், விற்றபின் கொடுப்பவரிடம் 20 கொடுப்பதும் ஏறக்குறைய ஒன்று என்பது என் எண்ணம்.

பழங்கணக்கு

மளிகைமகன் சொன்ன வகுத்தல்தான் இந்த இழையிலேயே முக்கியம். இன்னொரு பக்கமிருந்தும் அதைப் பாருங்கள். செலவில் ஒரு ரூபாய் கூடினால் அச்சடிக்கும் விலையில் ஒன்று நாற்பத்து மூன்று கூடும். குறைந்தாலும் அப்படித்தான். அதனால் எதிர்வெயில் கேட்ட கேள்விக்கு, அதாவது 190-க்கு யார் வாங்குவார்கள் என்பதற்கு, விலையைக் குறைக்க எங்கே கை வைப்பது என்று தேட வேண்டும்.

மாங்காயில் கை வைத்துப் பயனில்லை. கிலோ 40-லிருந்து 30-க்கு வாங்கினால் முழுத் தொகையில் 100 ரூபாய், பாட்டிலுக்கு 3. சரக்கில் பெரிய உருப்படி எண்ணெய், 1,557-ல் 760. எல்லாருக்கும் முதலில் அங்கேதான் கண் போகும்: பாதி ரீபைண்டு எண்ணெய் ஊற்றலாமே என்று. ஊற்றலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் லேபிளில் இரண்டு எண்ணெயையும் எழுத வேண்டும். ‘செக்கு நல்லெண்ணெய் ஊறுகாய்’ என்று முன்பக்கம் பெரிதாகப் போட முடியாது. பெரிய கம்பெனி சரக்கைவிட 70 ரூபாய் அதிகம் கேட்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே காரணம் அந்த எண்ணெயின் மணம்தான்.

எண்ணெயின் அளவைக் குறைப்பதிலும் எல்லை உண்டு. எண்ணெய் ஊறுகாய்க்கான எஃப்எஸ்எஸ்ஏஐ தரப்படி மேலே அரை சென்டிமீட்டர் எண்ணெய் நிற்க வேண்டும், அல்லது எடையில் 10 சதவீதமாவது எண்ணெய் இருக்க வேண்டும். காய் 60 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. உங்கள் அளவில் 10 கிலோவில் எண்ணெய் 18 சதவீதம். வெயிலில் வற்றியபின் துண்டு 6 கிலோவுக்குச் சற்று மேல், அதாவது 61 சதவீதம் இருக்கும். மசாலாவைக் கூட்டிக் காயைக் குறைக்க இனி இடமில்லை. எண்ணெயை ஒன்றரை லிட்டராக்கலாம். 190 ரூபாய் மிச்சம், பாட்டிலுக்கு 6. ஆனால் எடையும் அரைக் கிலோவுக்கு அருகில் குறையும், ஒன்றரைப் பாட்டில் போய்விடும். அந்த 6 ரூபாயில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும்.

உண்மையான மிச்சம் கண்ணாடியில்தான். நிற்கும் பை ஒன்று 9 ரூபாய்க்குக் கிடைத்தால் பாட்டிலில் 16 மிச்சம். கழுவும் வேலை இல்லாததால் இன்னொரு 4. அடக்கம் 92 ஆகிவிடும். லாபம், அலைச்சல் 18 சேர்த்து 0.7-ஆல் வகுத்தால் 157. பாட்டில் 190, அதே எடை பை 160 என்று இரண்டு விலை வைக்கலாம். பையை வெப்ப முத்திரை போடும் கருவியில் மூட வேண்டும். அழுத்தி மூடும் பட்டையை மட்டும் நம்பினால் எண்ணெய் கசியும்.

ஒட்டுத்தாள்

லேபிள் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. அச்சுத் தொழிலில் இருக்கிறேன்.

3 ரூபாய் லேபிள் என்றால் அது சாதாரண ஒட்டுக் காகிதமாகத்தான் இருக்கும். ஊறுகாய் பாட்டிலில் அது ஒரு வாரம் தாங்காது. மூடியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் இறங்கினால் காகிதம் கண்ணாடி போல ஒளி ஊடுருவி எழுத்து மறையும். பிளாஸ்டிக் படலத்தில் அடித்து, மேலே பூச்சுப் போட்ட ஒட்டுத்தாள் வாங்குங்கள். பழங்கணக்கு ஐயா வைத்த 4 ரூபாய் அதற்குச் சரி. ஆனால் அந்த விலை ஐந்நூறு, ஆயிரம் என்று அடிக்கும்போதுதான். நூறு அடித்தால் இரட்டிப்பாகும்.

ஆயிரம் அடிப்பதில் ஒரு சிக்கல்: விலையையும் தேதியையும் சேர்த்து அச்சடித்துவிடுவார்கள். அடுத்த பருவத்தில் எண்ணெய் விலை ஏறினால் மீதி எழுநூறு லேபிள் குப்பைக்கு. அதிகபட்ச சில்லறை விலை, கிராமுக்கு எவ்வளவு என்ற விலை, தயாரித்த மாதம், தொகுதி எண் ஆகிய நான்குக்கும் கட்டம் மட்டும் விட்டு அச்சடிக்கச் சொல்லுங்கள். அவற்றை மட்டும் பிறகு அழியாத மையில் முத்திரை குத்தலாம். மாறாதவை எல்லாம் அச்சில் இருக்கட்டும்: பொருளின் பெயர், சேர்மானங்கள் அதிக எடையிலிருந்து குறைந்தது வரையான வரிசையில், நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி, தொடர்பு எண், சைவக் குறியான பச்சைப் புள்ளி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்.

அந்த எண்ணை வாங்கிவிட்டீர்களா? வாங்காமல் லேபிள் அடிக்க வராதீர்கள். சிறு தயாரிப்பாளருக்கான அடிப்படைப் பதிவு ஆண்டுக்கு 100 ரூபாய்தான், அடக்கத்தில் அது தெரியவே தெரியாது.

செங்கமலம்

பதிவு வாங்கிவிட்டேன். லேபிளில் விலை இன்னும் அச்சடிக்கவில்லை, நல்லவேளை.

ஒரு சந்தேகம். நான் வாங்கியது 300 மில்லி பாட்டில். கழுத்து வரை நிரப்பினால் சில நேரம் 295 கிராம் காட்டுகிறது, சில நேரம் 325 கிராம். துண்டு பெரிதாக இருந்தால் குறைகிறது, மசாலா அதிகம் விழுந்தால் கூடுகிறது. வாங்குபவருக்குக் கூடுதலாகப் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பழங்கணக்கு

அதை விடக்கூடாது. சராசரியாக 15 கிராம் கூடுதல் என்றால் 33 பாட்டிலில் அரைக் கிலோ. ஒன்றரைப் பாட்டில் சரக்கைத் தானமாகக் கொடுக்கிறீர்கள். குறைவாகப் போனாலோ அபராதம். 300 கிராம் என்று போட்ட பாட்டிலில் தனி ஒரு பாட்டில் 9 கிராம் வரைதான் குறையலாம். அதற்காக எல்லாவற்றையும் 292-ல் நிறுத்தக்கூடாது. சராசரி 300-க்குக் கீழே போகவே கூடாது.

நாங்கள் செய்த முறை இது. காலிப் பாட்டிலைத் தராசில் வைத்து எடையைச் சுழியம் ஆக்குங்கள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் தனியாக, ஏனென்றால் கண்ணாடி எடை பாட்டிலுக்குப் பாட்டில் ஐந்து, பத்து கிராம் மாறும். முதலில் துண்டுகளை மட்டும் எண்ணெய் வடித்து ஒரே அளவாகப் போடுங்கள். பிறகு மசாலாவும் எண்ணெயுமான சாந்தை ஊற்றி 290-ல் நிறுத்துங்கள். கரண்டிக் காம்பால் ஓரத்தில் குத்திக் காற்றை வெளியேற்றுங்கள். பாட்டிலின் அடியில் குமிழி தெரிந்தால் இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம். மூடியை லேசாக வைத்து ஒரு இரவு விடுங்கள். துண்டு எண்ணெயைக் குடித்து மட்டம் இறங்கியிருக்கும். மறுநாள் காய்ச்சி ஆறவைத்த எண்ணெயை 12 கிராம் ஊற்றி மூடினால் 302-ல் நிற்கும், துண்டும் எண்ணெய்க்கு மேலே தலைகாட்டாது. அந்த எண்ணெயை முதல் 2 லிட்டரிலிருந்தே எடுத்து வையுங்கள், தனியாகக் கூட்டாதீர்கள்.

மாவடுப் பிரியைக்கு: தண்ணீரும் சேர்ந்ததுதான் நிகர எடை என்று பலர் போடுகிறார்கள். ஆனால் உப்புநீர் ஊறுகாயிலும் வடித்த எடை 60 சதவீதம் இருக்க வேண்டும் என்பது தரம். பாதிக்கு மேல் தண்ணீர் என்றால் அது தேறாது. எனவே அடக்கம் நீங்கள் நினைக்கிற அளவு குறையாது.

மாவடுப் பிரியை

60 சதவீதம் என்றால் 180 கிராம் வடு. வடித்து நிறுத்துப் பார்த்தேன், என் பாட்டிலில் 165 கிராம்தான் இருக்கிறது. ஆனால் ஐயா, வடு சுருங்கச் சுருங்கத் தண்ணீர் கூடிக்கொண்டே போகிறது. அடைக்கும் அன்றைக்கு 190 கிராம் போட்டாலும் மூன்று மாதம் கழித்து எத்தனை நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? எந்த நாளின் எடையைக் கணக்கில் எடுப்பார்கள்?

பழங்கணக்கு

நன்றாகச் சுருங்கிய பிறகு அடைத்தால் மாற்றம் குறையும். நான் மாவடு போட்டு விற்றதில்லை; தொழிலாகச் செய்தவர் யாராவது சொல்லட்டும்.

எதிர்வெயில்

190 என்ற விலைமேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அக்கா, கடைக்கே போகாமல் தெரிந்தவர்களுக்கு நேரடியாக 150-க்குக் கொடுத்தால் என்ன? 112 போக 38 நிற்கும். கடையில் 190-க்கு விற்று 21 நிற்பதைவிட இது மேல் அல்லவா?

மளிகைமகன்

கணக்குப்படி மேல். ஆனால் இரண்டையும் ஒரே ஊரில் செய்ய முடியாது. நேற்று உங்களிடம் 150-க்கு வாங்கியவர் எங்கள் கடையில் அதே பாட்டிலை 190-க்குப் பார்த்தால், அடுத்த நாள் எல்லாப் பாட்டிலையும் அப்பா திருப்பி அனுப்பிவிடுவார். நேரடியாக விற்றாலும் 190-க்கே விற்று, இரண்டு பாட்டில் சேர்த்து வாங்கினால் 20 ரூபாய் தள்ளுபடி என்று கொடுப்பதுதான் எங்களுக்கு உறுத்தாது.

கூடைக்காரர்

இதை ஏற்க மாட்டேன். வாசலில் வந்து வாங்குபவரிடம் கடைக்காரர் கமிஷனையும் சேர்த்து ஏன் வசூலிக்க வேண்டும்? என் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் கடை விலையைவிடக் குறைவு என்பதற்காகத்தான் என்னிடம் வருகிறார்கள்.

பழங்கணக்கு

அந்தக் கமிஷன் அவர் பைக்குத்தான் போகும் என்றில்லை. நேரடி விற்பனையில் போன் பேசுவதும், கொண்டுபோய்க் கொடுப்பதும், வெளியூருக்குப் பார்சல் கட்டுவதும் உங்கள் வேலை. 300 கிராம் ஊறுகாய், கண்ணாடி, பஞ்சுப் பொதி, அட்டைப்பெட்டி சேர்ந்தால் அரைக் கிலோவைத் தாண்டிவிடும். பல கூரியர்களில் அடுத்த எடைப் படிக்கான கட்டணம். ஒரு பாட்டிலுக்குப் பார்சல் கட்டினால் கட்டுப்படியாகாது. ஆனால் கூடைக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இது ஊரையும் வாடிக்கையாளரையும் பொறுத்தது.

செங்கமலம்

கடைக்காரரிடம் பேசிவிட்டு வந்தேன். 190 என்றதும் முகம் சுளித்தார். 175 போடுங்கள், 25 சதவீதம் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் விற்ற பிறகுதான் காசு, பன்னிரண்டு பாட்டில் மட்டும் வையுங்கள் என்கிறார். 175-ல் 25 சதவீதம் போனால் 131 ரூபாய் 25 காசு. நான் கேட்ட 130 வந்துவிடுகிறது. மீதி 19 பாட்டிலை வீட்டிலிருந்து அதே 175-க்குக் கொடுக்கப் போகிறேன். கூலியை 60 என்று எழுதிவைத்திருக்கிறேன் ஐயா, எடுத்துக்கொள்வேனா என்பது வேறு விஷயம்.

அடுத்த முறைக்கு 500 கிராம் பாட்டிலும் பையும் விசாரிக்கிறேன். பைக்கு முத்திரைக் கருவி என்ன விலை ஆகும், கையால் அழுத்தும் சின்னது போதுமா?

ஒட்டுத்தாள்

சின்னது போதும், ஆனால் பையின் வாய்ப்பகுதியில் எண்ணெய் பட்டால் எந்தக் கருவியும் ஒட்டாது. அகன்ற வாய்ப் புனல் வைத்து நிரப்பிவிட்டு, உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்த பிறகு மூடுங்கள். முத்திரை போட்ட பையைத் தலைகீழாகக் காகிதத்தின் மேல் ஒரு இரவு வைத்துப் பாருங்கள். காகிதத்தில் எண்ணெய் வட்டம் விழுந்தால் அந்தப் பையைத் திரும்ப மூட வேண்டும்.